ஹைட்ரோபோரானேற்றம், டோசைலேட், பிறகு KOtBu: முதன்மை விளைபொருள் ஏன் தொடங்கிய ஆல்க்கீன் இல்லை?

மாலைவகுப்பு:
ஒரு பயிற்சித்தாளில் வந்த கேள்வி. ஒரே வரியில் மூன்று அம்புக்குறி, கடைசியில் ஒரு கேள்விக்குறி. படத்தை இணைக்க முடியவில்லை, அதனால் தட்டச்சு செய்கிறேன்.

```
CC1=CCCCC1
1) BH3·THF ; H2O2, NaOH
2) TsCl, pyridine
3) KOtBu
-> ?
```

கொடுத்த தெரிவுகள்: (அ) 1-மெத்தில்சைக்ளோஹெக்சீன், (ஆ) 3-மெத்தில்சைக்ளோஹெக்சீன், (இ) மெத்திலீன்சைக்ளோஹெக்சேன், (ஈ) டெர்ட்-பியூட்டைல் ஈதர்.

நான் (அ) போட்டேன். மூன்றாவது படி நீக்க வினை. சேட்செவ் விதிப்படி அதிகம் பதிலிடப்பட்ட ஆல்க்கீன்தானே வர வேண்டும்? விடைத்தாளில் (ஆ) என்று மட்டும் இருக்கிறது, விளக்கம் எதுவும் இல்லை. அச்சுப் பிழையா?

விரைவுவிடை:
பிழை இல்லை, (ஆ) சரி. KOtBu பருமனான காரம். பருமனான காரம் என்றாலே ஹாஃப்மன் விளைபொருள், அதாவது குறைவாகப் பதிலிடப்பட்ட ஆல்க்கீன். அம்புக்குறி மேல் KOtBu-வைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அரை நிமிடக் கேள்வி.

இலைநுனி:
எனக்கு (இ) வருகிறதே. ஹைட்ரோபோரானேற்றத்தில் OH ஓரத்துக் கார்பனுக்குப் போகும். அப்போது சைக்ளோஹெக்சைல்மெத்தனால், அதன் டோசைலேட், பிறகு H ஒரே இடத்திலிருந்துதான் போக முடியும், மெத்திலீன்சைக்ளோஹெக்சேன். அப்படியானால் மாலைவகுப்பு சொன்ன மாதிரி தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்துவிடுவோம்.

ஆறாம்_கார்பன்:
இலைநுனி, நீங்கள் வேறு மூலக்கூறில் தொடங்கியிருக்கிறீர்கள். அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்: CC1=CCCCC1. இரட்டைப் பிணைப்பு வளையத்துக்கு உள்ளே இருக்கிறது, மெத்தில் அதன் ஒரு முனையில் தொங்குகிறது. வளையத்துக்கு வெளியே =CH2 எதுவும் இல்லை.

விரைவுவிடை, விடை சரி, காரணம் பாதிதான் சரி. அந்தக் காரணத்தோடு போனால் இதே கேள்வியில் ஒரு சொல்லை மாற்றினாலும் தவறிவிடுவீர்கள். ஒவ்வொரு அம்பாகப் போவோம்.

முதல் அம்பு. போரான் மெத்தில் இல்லாத கார்பனில் ஏறும், H மெத்தில் உள்ள கார்பனில் ஏறும். இதைப் பெரும்பாலும் எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். எழுத மறப்பது இரண்டும் வளையத்தின் ஒரே முகத்திலிருந்து ஏறுகின்றன என்பதைத்தான். பெராக்சைடு படியில் போரான் இருந்த இடத்தில், அதே பக்கத்தில், OH வந்து உட்காருகிறது. அப்போது OH-ம் புதிய H-ம் ஒரே பக்கம். அந்த H வந்ததால் மெத்தில் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டுவிட்டது. ஆக கிடைப்பது வெறும் 2-மெத்தில்சைக்ளோஹெக்சனால் அல்ல, டிரான்ஸ்-2-மெத்தில்சைக்ளோஹெக்சனால்.

இரண்டாவது அம்பு. TsCl-ஐத் தாக்குவது ஆக்சிஜன். C–O பிணைப்பு உடைவதே இல்லை. அதனால் டிரான்ஸ் அப்படியே டிரான்ஸ்.

மூன்றாவது அம்புதான் கேள்வி. E2-வில் போகும் H-ம் போகும் OTs-ம் ஒன்றுக்கொன்று நேரெதிராக நிற்க வேண்டும். சைக்ளோஹெக்சேனில் அது நடக்க இரண்டும் ஆக்சியல் நிலையில் இருக்க வேண்டும். இப்போது OTs-ஐ வெட்ஜில் வரையுங்கள், மெத்திலை டேஷில். மெத்தில் உள்ள கார்பனில் மிச்சமிருக்கும் ஒரே H எங்கே? வெட்ஜில். OTs-ம் வெட்ஜ், அந்த H-ம் வெட்ஜ். எதிரெதிர் நிலை கிடைக்கவே கிடைக்காது. மறுபக்கத்து அண்டைக் கார்பனில், அதாவது CH2-வில், இரண்டு H இருக்கின்றன, ஒன்று டேஷில். காரம் அதைத்தான் எடுக்க முடியும். இரட்டைப் பிணைப்பு மெத்திலுக்கு எதிர்ப்பக்கம் உருவாகிறது. 3-மெத்தில்சைக்ளோஹெக்சீன்.

காரத்தின் பருமன் பற்றி நான் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

விரைவுவிடை:
ஆனால் KOtBu பருமன்தானே? இரண்டு காரணமும் ஒரே பக்கம்தான் இழுக்கின்றன. பருமனை மட்டும் வைத்து விடை வந்தால் என்ன தப்பு?

ஆறாம்_கார்பன்:
இந்தக் கேள்வியில் தப்பு வெளியே தெரியாது, அவ்வளவுதான். KOtBu-வை அழித்துவிட்டு NaOEt போடுங்கள். எத்தாக்சைடு பருமனான காரம் இல்லை. உங்கள் விதி (அ) என்று சொல்லும். ஆனால் வெட்ஜில் இருக்கும் H வெட்ஜிலேயேதான் இருக்கிறது, காரம் சிறியது என்பதற்காக அது டேஷுக்குப் போகாது. விடை (ஆ)தான்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. மென்தைல் குளோரைடும் நியோமென்தைல் குளோரைடும் இதற்குப் பழைய சான்று. இரண்டும் குளோரின் உள்ள கார்பனில் மட்டும் வேறுபடுகின்றன. எத்தனாலில் சோடியம் எத்தாக்சைடு, இரண்டுக்கும் ஒரே நிபந்தனை. நியோமென்தைலில் குளோரின் எளிதாக ஆக்சியலில் நிற்கும், அதற்கு எதிரே இரண்டு பக்கமும் H உண்டு. அங்கே சேட்செவ் ஜெயிக்கிறது: 3-மென்தீன் 78 சதவீதம், 2-மென்தீன் 22. மென்தைலில் ஐசோபுரொப்பைல் உள்ள கார்பனின் H குளோரினுக்கு எதிரே வரவே முடியாது. அங்கே கிடைப்பது முழுக்க 2-மென்தீன், குறைவாகப் பதிலிடப்பட்டது. காரம் சிறிய எத்தாக்சைடுதான். ஹாஃப்மனுக்கு அங்கே வேலையே இல்லை.

இன்னொன்று: மென்தைல் சுமார் 200 மடங்கு மெதுவாக வினைபுரிகிறது. குளோரின் ஆக்சியலுக்கு வர வேண்டுமானால் வளையம் புரள வேண்டும். அப்போது குளோரின், மெத்தில், ஐசோபுரொப்பைல் மூன்றும் சேர்ந்து ஆக்சியலுக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த வடிவில் எந்த நேரத்திலும் மிகச் சில மூலக்கூறுகளே இருக்கும், ஆனால் வினை அந்த வழியாக மட்டும்தான் நடக்கும்.

மாலைவகுப்பு:
இப்போது புரிகிறது அண்ணா. அப்படியானால் நம் டோசைலேட்டிலும் OTs-ம் மெத்திலும் இரண்டும் ஈக்குவடோரியலில்தானே சௌகரியமாக இருக்கும்? புரண்டால் இரண்டும் ஆக்சியல். அந்த வடிவை வரைந்து பார்த்தேன். மெத்தில் உள்ள கார்பனில் ஆக்சியல் இடத்தை மெத்திலே பிடித்துக்கொள்கிறது, H ஈக்குவடோரியலுக்குப் போய்விடுகிறது. இந்தப் பக்கம் CH2-வில் ஆக்சியல் H இருக்கிறது. சரிதானா?

ஆறாம்_கார்பன்:
மிகச் சரி. நாற்காலி வரையத் தெரிந்தால் அதுவே போதும். அவசரத்தில் தட்டையான வளையத்திலேயே பார்க்கலாம்: விலகும் தொகுதி வெட்ஜில் இருந்தால் அண்டைக் கார்பனில் டேஷ் H இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கம் E2-வுக்கு அடைத்த கதவு.

ஆனால் விரைவுவிடை சொன்னதையும் முழுக்கத் தூக்கி எறிய வேண்டாம். சிஸ் டோசைலேட்டாக இருந்திருந்தால் இரண்டு பக்கமும் வழி திறந்திருக்கும். அப்போது பருமனான காரம் நெரிசல் இல்லாத CH2 பக்கம் சாயும், சிறிய காரம் மெத்தில் பக்கம் சாயும். காரத்தின் அளவு முக்கியமாவது வழி இரண்டும் திறந்திருக்கும்போதுதான்.

விரைவுவிடை:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வினாத்தாளில் சிஸ், டிரான்ஸ் என்று எங்கும் எழுதவே இல்லையே. ஒரு வெட்ஜ் கூட வரையவில்லை. மாணவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

ஆறாம்_கார்பன்:
அதுதான் கேள்வியின் சூட்சுமம். வெட்ஜை வினாத்தாள் தரவில்லை, முதல் அம்பு தருகிறது. தொடக்கப் பொருளில் ஸ்டீரியோ மையமே இல்லை, இரண்டு மையங்கள் உருவாவது முதல் படியில். இடையில் வரும் பொருளை "2-மெத்தில்சைக்ளோஹெக்சனால்" என்று தட்டையாக எழுதிவிட்டு அடுத்த அம்புக்குப் போனால் அந்தத் தகவல் அங்கேயே கொட்டிப்போகும். மூன்றாவது படிக்கு வரும்போது கையில் இருப்பது சேட்செவ் விதி மட்டும்தான், அதனால்தான் (அ) வருகிறது.

இதைச் சோதிக்க நான் கொடுக்கும் மாற்றுக் கேள்வி ஒன்று. இரண்டாவது படியில் TsCl-க்குப் பதில் PBr3 போடுங்கள், மூன்றாவது படியில் NaOEt. மற்ற எல்லாம் அப்படியே. விடை என்ன?

மாலைவகுப்பு:
PBr3-இல் புரோமைடு பின்பக்கத்திலிருந்து தாக்கும், SN2. C–O உடைகிறது, அந்த மையம் தலைகீழாகிறது. டிரான்ஸ் ஆல்கஹாலிலிருந்து சிஸ் புரோமைடு. Br வெட்ஜ், மெத்தில் வெட்ஜ் என்றால் மெத்தில் கார்பனின் H டேஷில். வழி திறந்திருக்கிறது. அப்போது சேட்செவ்: 1-மெத்தில்சைக்ளோஹெக்சீன். அதாவது இந்த முறை உண்மையாகவே தொடங்கிய இடத்துக்கு வந்துவிடுகிறோம்!

ஆறாம்_கார்பன்:
ஆமாம். ஒரு வினைப்பொருள் மாறியது, இரட்டைப் பிணைப்பு இடம் மாறியது. சில துளி 3-மெத்தில் கூடவே வரும், ஆனால் முதன்மை 1-மெத்தில்தான். குடுவையில் PBr3 இரண்டாம் நிலை ஆல்கஹாலில் எப்போதும் முழுக்கத் தலைகீழாக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். காகிதத்தில் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம்.

குடுவைக்காரன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் ஆய்வகத்தில் செய்ததைச் சொல்கிறேன். நாங்கள் டோசைலேட் எல்லாம் செய்யவில்லை. வாங்கின 2-மெத்தில்சைக்ளோஹெக்சனாலில் (சிஸ், டிரான்ஸ் இரண்டும் கலந்தது) பாஸ்பாரிக் அமிலம் ஊற்றி, சூடாக்கி, வரும் ஆல்க்கீனைக் காய்ச்சி வடித்தோம். வந்தது பெரும்பாலும் 1-மெத்தில்சைக்ளோஹெக்சீன். இங்கே பேசுகிற கணக்கை வைத்துப் பார்த்தால் டிரான்ஸ் பகுதியிலிருந்து 3-மெத்தில்தானே வர வேண்டும்? அப்படியானால் இந்த எதிரெதிர் விதி அமிலத்தில் வேலை செய்யாதா?

செம்பருத்தி:
அமிலத்தில் அது E1 அல்லவா. நீர் முதலில் போய்விடுகிறது, கார்போகேட்டயன் நிற்கிறது. வெட்ஜும் டேஷும் மறந்துபோகிறது. பிறகு எந்த H வேண்டுமானாலும் போகலாம், நிலைப்புத்தன்மை அதிகமான ஆல்க்கீன் முதன்மை. மேலே ஆறாம்_கார்பன் சொன்ன மென்தைல் குளோரைடையே காரம் போடாமல் 80 சதவீத நீர்-எத்தனாலில் சூடாக்கினால் 3-மென்தீன் 68, 2-மென்தீன் 32 என்று தலைகீழாகிவிடும். அதனால் அம்புக்குறி மேல் H2SO4-ஆ, காரமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆறாம்_கார்பன்:
செம்பருத்தி சொல்வது கேள்வித்தாளுக்குச் சரியான விடை. POCl3, பிரிடின் என்றிருந்தால் மட்டும் கவனம்: அதுவும் நீர்நீக்கம்தான், ஆனால் ஆக்சிஜன் நல்ல விலகும் தொகுதியாகிப் பிரிடின் H-ஐ எடுக்கும், E2 வழி. அங்கே டிரான்ஸ் ஆல்கஹால் 3-மெத்தில் பக்கம் போகும். "நீர்நீக்கம் என்றால் E1" என்று பழகியவர்கள் அங்கே சறுக்குவார்கள்.

குடுவைக்காரன், ஒரு கேள்வி. வடித்ததை ஒரே குடுவையில் பிடித்தீர்களா, இல்லை பகுதி பகுதியாகவா?

குடுவைக்காரன்:
பகுதி பகுதியாக. அதைத்தான் சொல்ல வந்தேன். முதலில் வந்த பகுதியில் 1-மெத்தில் மிக அதிகம். பின்னால் வந்த பகுதிகளில் 3-மெத்தில் கூடிக்கொண்டே போனது. வளிம நிறப்பகுப்பியலில் இரண்டு முகடும் நன்றாகப் பிரிந்தன. சூடு ஏறியதால் என்று நினைத்தேன். ஆனால் கொதிநிலை வித்தியாசம் காரணமாக இருக்க முடியாது. 3-மெத்தில் 104 °C-இல் கொதிக்கிறது, 1-மெத்தில் 110 °C. கொதிநிலைதான் காரணம் என்றால் 3-மெத்தில்தானே முதலில் வந்திருக்க வேண்டும்?

ஆறாம்_கார்பன்:
அருமையான கவனிப்பு. இதற்குப் பெயரே உண்டு. 1994-இல் டேவிட் டாட் என்ற ஆசிரியர் இதை எழுதி "ஈவ்லின் விளைவு" என்று பெயரிட்டார். சிஸ் ஆல்கஹால் வேகமாக நீரை இழந்து 1-மெத்தில் தருகிறது, அது முதலில் வடிந்துவிடுகிறது. குடுவையில் டிரான்ஸ் சேர்ந்துகொண்டே போகிறது, அதிலிருந்து 3-மெத்தில் அதிகம் வருகிறது.

இப்போது செம்பருத்தி சொன்னதோடு இதை வைத்துப் பாருங்கள். இரண்டு ஆல்கஹாலும் ஒரே கார்போகேட்டயன் வழியாகத்தான் போகின்றன என்றால், விகிதம் முதல் பகுதியிலும் கடைசிப் பகுதியிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கேட்டயனுக்குத் தான் சிஸ்ஸா டிரான்ஸா என்று ஞாபகம் இருக்காது. விகிதம் மாறுகிறது என்றால் மூலப்பொருளின் வடிவத்துக்கு ஏதோ ஒரு பங்கு இருக்கிறது. புரோட்டான் ஏறிய ஆல்கஹாலிலிருந்தே ஒரு பகுதி E2 போன்ற வழியில் போகிறது என்பது ஒரு விளக்கம். டிரான்ஸில் ஹைட்ரைடு இடம்பெயர்ந்து வேறு கேட்டயன்கள் வருகின்றன என்பது இன்னொன்று. நான் முதலாவதன் பக்கம், ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

செம்பருத்தி:
நான் இரண்டாவதன் பக்கம். அமிலத்தின் செறிவைக் கூட்டினால் விகிதம் எப்படி நகர்கிறது என்று யாராவது பார்த்தால்தான் முடிவுக்கு வரலாம். அது இருக்கட்டும், மூலக் கேள்விக்கே எனக்கு ஒரு ஆட்சேபம். 3-மெத்தில்சைக்ளோஹெக்சீனில் ஒரு ஸ்டீரியோ மையம் இருக்கிறது. "முதன்மை விளைபொருளை வரைக" என்று கேட்டால் மெத்திலை வெட்ஜில் வரைவதா, டேஷிலா?

மாலைவகுப்பு:
தெரிவில் வெறும் கோடுதான் இருந்தது.

செம்பருத்தி:
வெறும் கோடு என்றால் "எதுவென்று சொல்ல விரும்பவில்லை" என்று அர்த்தம். போரேன் வளையத்தின் மேலிருந்தும் கீழிருந்தும் சமமாக ஏறும். அதனால் டிரான்ஸ் ஆல்கஹால் ரெசிமிக். கடைசியில் வருவதும் ரெசிமிக். ஒரே ஒரு மூலக்கூறை வரைந்துவிட்டு முழு மதிப்பெண் கொடுப்பது எனக்கு உறுத்துகிறது.

ஆறாம்_கார்பன்:
ரெசிமிக் என்பதில் சந்தேகமில்லை. கேள்வி ஒற்றை எனான்ஷியோமரில் தொடங்கியிருந்தால் வேறு கதை. உதாரணத்துக்கு (1R,2R)-1-புரோமோ-2-மெத்தில்சைக்ளோஹெக்சேன், NaOEt. இதுவும் டிரான்ஸ்தான். மெத்தில் உள்ள கார்பனை வினை தொடவே இல்லை, முன்னுரிமை வரிசையும் மாறவில்லை, அதனால் கிடைப்பது (R)-3-மெத்தில்சைக்ளோஹெக்சீன், வெட்ஜோடு வரைய வேண்டும். அந்தக் கேள்வியில் வெறும் கோடு போட்டால் நான் மதிப்பெண் குறைப்பேன். இந்தக் கேள்வியில் குறைக்க மாட்டேன், (±) எழுதியவருக்கு ஒன்றும் கூட்டவும் மாட்டேன்.

செம்பருத்தி:
நான் கூட்டுவேன். அந்தக் குறியீடு இல்லாமல் பேப்பர் திருத்துபவருக்கு மாணவன் யோசித்தானா, மறந்தானா என்று தெரியாது.

இலைநுனி:
சொன்ன மாதிரி மறுபடி வரைந்தேன், (ஆ) வந்துவிட்டது. விளைபொருள் கைக்கு வந்தபின் இரண்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? நிறப்பகுப்பியலில் முகடு தெரிந்தாலும் எந்த முகடு எது என்று தெரிய வேண்டுமே.

குடுவைக்காரன்:
புரோட்டான் என்எம்ஆரில் ஒரு பார்வை போதும். 1-மெத்திலில் இரட்டைப் பிணைப்பில் ஒரே ஒரு H, 5.4 பிபிஎம் பக்கம். மெத்தில் 1.6 பக்கம், பிளவு கண்ணுக்குத் தெரியாத ஒற்றைக் கோடு மாதிரி. 3-மெத்திலில் இரட்டைப் பிணைப்பில் இரண்டு H, மெத்தில் 1-க்குக் கீழே இறங்கி அழகான இரட்டையாகப் பிளந்திருக்கும். கலவையாக இருந்தால் அந்த இரண்டு மெத்தில் சைகைகளின் பரப்பை ஒப்பிட்டே விகிதம் சொல்லிவிடலாம்.

விரைவுவிடை:
கடைசியாக ஒன்று. இதே வரிசையை ஐந்து கார்பன் வளையத்தில் செய்தால்? 1-மெத்தில்சைக்ளோபென்டீன், அதே மூன்று அம்பு. 3-மெத்தில்சைக்ளோபென்டீன் என்று தைரியமாகப் போடலாமா?

ஆறாம்_கார்பன்:
மெத்தில் என்றால் போடலாம். ஆனால் காரணமாக "ஆக்சியல்" என்று எழுதாதீர்கள், ஐந்து வளையத்துக்கு நாற்காலி கிடையாது. அந்த வளையம் ஏறக்குறையத் தட்டை, அதனால் ஒரே பக்கத்து H-ம் விலகும் தொகுதியும் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் வந்துவிடும். ஒரே பக்க நீக்கம் அங்கே முழுக்க அடைத்த கதவு இல்லை.

மெத்திலுக்குப் பதில் ஃபீனைல் வைத்தால் விதி உடைவதைப் பார்க்கலாம். டிரான்ஸ்-2-ஃபீனைல்சைக்ளோபென்டைல் டோசைலேட்டை KOtBu-வில் போட்டால் சுமார் 90 சதவீதம் 1-ஃபீனைல்சைக்ளோபென்டீன் வருகிறது, அதாவது ஒரே பக்க நீக்கம். ஃபீனைல் அந்த H-ஐ அமிலத்தன்மை கூடியதாக ஆக்குகிறது, அது ஒரு காரணம். இன்னொன்று பொட்டாசியம். அது ஒரு கையால் காரத்தையும் மறு கையால் டோசைலேட்டின் ஆக்சிஜனையும் பிடித்து இரண்டையும் ஒரே பக்கத்தில் நிறுத்துகிறது. கிரவுன் ஈதர் சேர்த்துப் பொட்டாசியத்தைத் தனியே பிடித்து வைத்தால் அந்த 90 சுமார் 30-ஆக இறங்கிவிடுகிறது.

விரைவுவிடை:
கிரவுன் ஈதரை அம்புக்குறி மேல் எழுதியிருந்தால் நான் கரைப்பான் என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பேன்.

மாலைவகுப்பு:
அப்படியானால் ஆறு வளையத்தில் மெத்திலுக்குப் பதில் ஃபீனைல் இருந்தால்? டிரான்ஸ்-2-ஃபீனைல்சைக்ளோஹெக்சைல் டோசைலேட், KOtBu. வளையம் எதிரெதிர் வேண்டும் என்கிறது, ஃபீனைல் ஒரே பக்கம் இழுக்கிறது. எது ஜெயிக்கும்?

செம்பருத்தி:
நான் 3-ஃபீனைல் என்று போடுவேன். ஆனால் (ஆ)-வைப் போட்ட தைரியத்தோடு இல்லை.